உடைந்ததாக எழுதிய தட்டு

அலுவலகத்துக் காமிரா என் பொறுப்பில் வந்ததற்குக் காரணம் எனக்குப் படம் எடுக்கத் தெரியும் என்பதல்ல. அதனோடு வந்த ஆங்கிலக் கையேட்டை முழுவதும் வாசித்தவன் நான் ஒருவன்தான் என்பது. அப்போது நாகர்கோவில் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. நீர்ப்பாசனப் பிரிவு அலுவலகம் ஒன்றில் நான் குமாஸ்தா. பி.ஏ. படித்த குமாஸ்தா என்பதால் எனக்கு மேலே இருந்தவர்களுக்கும் கீழே இருந்தவர்களுக்கும் ஒரே அளவில் பிடிக்காதவன். இதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. அவர்களில் எவரையும் எனக்கும் பிடித்ததில்லை.

காமிரா மரத்தால் ஆனது. மூன்று கால் தாங்கி, கறுப்புத் துணி, பித்தளை விளிம்பு வைத்த லென்ஸ், அதற்கு ஒரு மூடி. இப்போது உள்ளதுபோல விசை கிடையாது. மூடியை எடுப்பதும், எண்ணுவதும், மூடுவதும்தான் படம் எடுப்பது. பிலிமுக்குப் பதில் மருந்து பூசிய கண்ணாடித் தட்டு. யுத்த காலத்தில் தட்டு கிடைக்காமல் போனபோது, ‘ஒரு வேலைக்கு ஒரு தட்டு மட்டும்’ என்று ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. யுத்தம் முடிந்து ஆண்டுகள் கடந்த பிறகும் அந்தச் சுற்றறிக்கையை முடித்துவைக்க யாருக்கும் உத்தரவு வரவில்லை. படத்தோடு அனுப்பும் படிவத்தில் ஒரு வாசகம் உண்டு: ‘வேலையின் வெளிமுகமும் உட்புறமும் தெளிவாகத் தெரிய வேண்டும்.’ இதை எழுதியவர் தம் வாழ்நாளில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் அல்ல என்பதை அந்த ஒரு வாசகமே காட்டிவிடும்.

பூதப்பாண்டிக்கு அப்பால் ஒரு குளத்தில் மடையைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். கும்பப்பூ அறுவடை முடிந்து குளம் வற்றியிருந்த நேரம். ஒப்பந்தக்காரர் குலசேகரத்தில் ரப்பர் தோட்டம் உள்ளவர். எங்கள் இஞ்சினியரோடு ஒரே இலையில் சாப்பிடாத குறைதான். மடைமுகத்துச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு ஆன இரண்டாம் நாள், அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஓவர்சியர் ஓர் அறிக்கை அனுப்பினார். சுவரில் மேல் மூலையிலிருந்து கீழாகச் சாய்வாக ஒரு கீறல் ஓடுகிறது, அடித்தளம் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது, தண்ணீர் கட்டினால் மடை நிற்காது என்று.

இந்த ஓவர்சியர் தோவாளைக்காரர். வரப்பின் அந்தக் கோடியில் நிற்பவனிடம் பேசும் குரலில்தான் பக்கத்தில் இருப்பவனிடமும் பேசுவார். அவர் ஒரே நாளில், ஒரே மணியில், இரண்டு குளங்களில் இருந்ததாக எழுதிய பயணக் குறிப்பை நான் ஒருமுறை திருப்பி அனுப்பியிருந்தேன். அன்றிலிருந்து என்னை அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் ‘பேனாக்கத்தி’ என்றுதான் கூப்பிடுவார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சுவரைப் பற்றி அவர் எழுதியது எதுவும் அதற்கு முன் பொய்யானதில்லை.

இஞ்சினியர் அறிக்கையைப் படித்துவிட்டு, கீறல் இல்லை, அது கொத்தன் கரண்டியின் கோடு என்றார். ஓவர்சியர் விடவில்லை. மேலிடத்துக்கே எழுதுவேன் என்று கத்தினார். “சரி, படம் எடுப்போம். படம் பொய் பறையாதல்லோ?” என்றார் இஞ்சினியர், மலையாளம் கலந்த தம் தமிழில்.

காலை ஒன்பது மணிக்கு இஞ்சினியரின் ஜீப்பில் போனோம். மடைமுகம் கிழக்கே பார்த்திருந்தது. வெயில் அதன்மேல் நேராக அடித்தது. புதுச் சுண்ணாம்பைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. சுவரின் நடுவே தண்ணீர் வெளியேறும் கண், ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவு, உள்ளே கும்மிருட்டு. கரைக்குப் பின்னால் தாடகை மலை.

“உள்ளே நல்லாத் தெரியணும். மனசிலாச்சா ஓய்?” என்றார் இஞ்சினியர். “போன தடவ கண்ணு கறுத்துப் போயி, படம் திரும்பி வந்தது.”

“கீறலு வெளிய கிடக்கு சார்,” என்றார் ஓவர்சியர். “உள்ள எதுக்கு? வவ்வாலு எண்ணவா?”

“ஓவர்சியருக்கு இப்ப படம் எடுக்கவும் அறியுமா?” என்றார் இஞ்சினியர்.

ஓவர்சியர் என் பக்கம் திரும்பினார். “வேய், பி.ஏ.வே. கோடு விழும்லா?”

“உத்தரவுப்படி எடுப்பேன்.”

“உத்தரவ எடுக்காதயும். செவர எடும்.”

நான் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அங்கே நான் என்ன கணித்தேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எல்லாம் அதிலிருந்து வந்தது.

வெயில் பட்ட சுவருக்கும் கண்ணின் உட்புறத்துக்கும் வெளிச்சத்தில் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தது. மனிதனின் கண் இதைச் சமாளிக்கும். சுவரைப் பார்க்கும்போது கண்பாவை சுருங்கும், இருட்டைப் பார்க்கும்போது விரியும். நாம் பல முறை மாற்றிப் பார்த்து, ஒரே பார்வையில் எல்லாம் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். தட்டுக்கு ஒரே பார்வைதான். சுவருக்குக் குறைவாகவும் இருட்டுக்கு அதிகமாகவும் அதற்குக் காட்ட முடியாது. மூடி திறந்திருக்கும் நேரம் இரண்டுக்கும் ஒன்றே.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு நெல்லை வைத்துச் சொல்லலாம். மரக்காலில் நெல்லைக் கொட்டித் தலையைத் தட்டினால், விளிம்புக்கு மேலே போனதெல்லாம் வழிந்துவிடும். கொஞ்சம் அதிகம் கொட்டினீர்களா, மலைபோலக் கொட்டினீர்களா என்று பிறகு மரக்காலைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரு மரக்கால்தான். தட்டிலுள்ள வெள்ளி உப்பும் அப்படி. ஓர் இடத்தில் விழும் வெளிச்சம் அங்கே உள்ள உப்பை முழுவதும் மாற்றிவிட்டால், அதற்குமேல் எவ்வளவு விழுந்தாலும் ஒன்றுதான். நெகட்டிவில் அந்த இடம் கெட்டிக் கறுப்பு, அச்சில் வெறும் வெள்ளை. மறுபக்கம், நான்கு மணி நெல் மட்டும் விழுந்தால் மரக்காலின் அடிகூட மறையாது. நெகட்டிவில் அது வெறும் கண்ணாடி, அச்சில் வெறும் கறுப்பு. அந்த அடிக்கும் இந்த விளிம்புக்கும் இடையில் உள்ளதைத்தான் படம் என்கிறோம். தட்டைவிட அதை அச்சடிக்கும் காகிதத்துக்கு இடம் இன்னும் குறைவு. படத்தில் வானம் வெளுத்துப்போவதும் நிழல் கறுத்துப்போவதும் இதனால்தான். அந்தக் காலத்துத் தட்டுக்கு நீலம் ஏறக்குறைய வெள்ளையாகவே படும் என்பதால், வானத்துக்கு இரட்டைத் தண்டனை.

ஆகவே எதையாவது ஒன்றைக் கைவிட வேண்டும். சுவரைக் காப்பாற்ற, லென்ஸின் துளையை மிகவும் சிறிதாக்கி, அரை நொடி போதும். கண் கறுத்துவிடும். கண்ணின் உள்ளே செங்கல் தெரிய, அதே துளையில் முப்பது எண்ண வேண்டும். சுவர் வழிந்துவிடும். இதெல்லாம் கையேட்டில் பதினான்காம் பக்கத்தில் இருந்தது. எனக்கு மனப்பாடம்.

நான் முப்பது எண்ணினேன்.

இருளறையாக நாங்கள் வைத்திருந்தது பழைய கோப்புகள் கிடந்த அறையின் ஒரு மூலை. ஜன்னலுக்குத் தார்ப்பாய் கட்டி, சிவப்பு விளக்கில் தட்டைக் கழுவி எடுத்தேன். மறுநாள் அச்சு காய்ந்தபோது, படிவத்தில் கேட்டது அப்படியே இருந்தது. கண்ணின் உட்புறச் செங்கற்களை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். சுவர் சலவைக்குப் போய்வந்த வேட்டிபோல் இருந்தது. வானம் இல்லை. தாடகை மலையும் இல்லை. கீறலும் இல்லை.

“இது அசல் படம்,” என்றார் இஞ்சினியர். படத்தின் பின்புறம், ‘நேரில் கண்டதற்கு மாறில்லை எனச் சான்றளிக்கிறேன்’ என்ற முத்திரையின் கீழ் நான் கையெழுத்துப் போட்டேன். அவர் அதோடு தம் குறிப்பையும் சேர்த்து மேலிடத்துக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில் ஓவர்சியருக்குத் தற்காலிக வேலைநீக்க உத்தரவு வந்தது. பொய்யறிக்கை அளித்துத் துறையின் பெயரைக் கெடுத்தார் என்று குற்றச்சாட்டு. அது நிரூபணமானால் நிரந்தர நீக்கம். அதற்கான விதி எண்ணும் எனக்குத் தெரியும்.

உத்தரவு வந்த அன்று நான் ஒரு காரியம் செய்தேன். ஏன் செய்தேன் என்று கேட்டால், பரிதாபம் என்று சொல்ல எனக்கு நா வராது. என் கையெழுத்தை யாரோ கள்ளத்தனமாகப் போட்டதுபோல ஓர் எரிச்சல். அந்தத் தட்டை மறுபடி எடுத்து, காகிதத்துக்கு வழக்கத்தைவிட ஐந்து மடங்கு நேரம் வெளிச்சம் காட்டி அச்சடித்துப் பார்த்தேன். சில சமயம் நெகட்டிவில் இருப்பதைக் காகிதம் காட்டாமல் விட்டிருக்கும். இப்படிச் செய்தால் வெளியே வரும். கண் தார்போலக் கறுத்தது. சுவர் பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறத்துக்கு வந்தது. கோட்டைக் காணோம். மெல்லிய கறுப்புக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் அவ்வளவு வெளிச்சம் விழுந்தால், அது கண்ணாடிக்குள் பரவிக் கோட்டையே மூடிவிடும். தட்டில் இல்லாததை எந்தக் காகிதமும் கொடுக்காது.

மறுநாள் ஓவர்சியர் உத்தரவோடு வந்தார். என் மேசையில் அதை வீசினார்.

“என்ன படம்வே எடுத்தீரு? நூறு பேரு பாத்த கீறல ஒம்ம பெட்டி மட்டும் பாக்கலியோ? இதுல கையொப்பு வேற! எனக்குச் சோலி போவுதுவே, சோலி!”

“கத்தாதீர். பக்கத்து அறையில் அவர் இருக்கிறார்.”

“இருக்கட்டும். அவன் கேக்கதுக்குத்தான் கத்துகேன். திங்கக்கிழமை ரெண்டாம் பூச்சாம். பூசிட்டாம்னா பொறவு கீறலும் இல்ல, நானும் இல்ல. பூசின செவர இடிச்சுப் பாக்க எவன் உத்தரவு குடுப்பான்?”

“ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் இருக்கிறதா உமக்கு?”

“எதுக்கு? ஆத்துல தள்ளிவிடவா?”

“தாங்கியைத் தூக்கி வர ஆள் வேண்டும்.”

அவர் உத்தரவை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, நன்றி என்றோ நாசமாய்ப் போ என்றோ சொல்லாமல் போனார்.

ஞாயிறு காலை இரண்டு சைக்கிள்களில் போனோம். பெட்டி என்னிடம், தாங்கி அவரிடம். எட்டரைக்குக் குளத்தை அடைந்ததும் அவர் தாங்கியை விரிக்கத் தொடங்கினார்.

“இப்போது வேண்டாம். பதினொன்றரை ஆகட்டும்.”

“பதினொன்னரையா? அதுவர இங்க என்ன, தவம் இருக்கதா?”

“இப்போது வெயில் சுவர்மேல் நேராக விழுகிறது. பள்ளம் மேடு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். உச்சிக்கு வரும்போது மேலிருந்து சுவரை உரசிக்கொண்டு விழும். கீறலில் நிழல் தங்கும். சுவர் கண்ணைக் கூசவைப்பதும் குறையும்.”

“இத அன்னைக்கு அந்தப் பெரிய மனுசன்ட்ட சொல்லப்பிடாதா?”

நான் பெட்டியை நிழலில் கொண்டுபோய் வைத்தேன். கரையில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். வயல்களில் ஆளில்லை. கோவில் பக்கமிருந்து மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்குமேல் கீறல் தானாகவே எழுந்து வந்ததுபோல இருந்தது. காலையில் மயிரிழையாகத் தெரிந்தது, இப்போது கரிக்கோடு. லென்ஸுக்கு மஞ்சள் கண்ணாடி மாட்டும் எண்ணம் வந்தது, வானத்துக்காக. நேரம் இரட்டிப்பாகும், கணிப்பு தவறும் என்று விட்டுவிட்டேன். எனக்கு வானம் தேவையில்லை. சுவரின் வெள்ளை, வெள்ளையாக இருக்கும்போதே அதில் கோடு தெரிய வேண்டும். அதுவும் காகிதம் தாங்கும் அளவுக்குள் நிற்க வேண்டும். மிகச் சிறிய துளை. மூடியை எடுத்து, உடனே மூடினேன்.

“அம்புட்டுத்தானா?” என்றார் ஓவர்சியர். “நான் கொட்டாவி விடவே இதவிட நேரமாவும்.”

“அவ்வளவுதான்.”

“அன்னைக்கு ஒண்ணு ரெண்டுன்னு நாமம் செபிச்சீரே?”

“அன்றைக்கு உள்ளே தெரிய வேண்டும்.”

“இதுல?”

“உள்ளே ஒன்றும் தெரியாது. கறுப்புதான்.”

“அப்பொ அந்தப் படிவம்?”

“அதுவும் போகும்.”

தட்டு நன்றாக வந்தது. கழுவும்போதும் மருந்தில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னதாகவே எடுத்துவிட்டேன், வெள்ளை கெட்டிப்படாமல் இருக்க. அச்சில் கண் அடுப்பங்கரைச் சட்டிபோலக் கறுப்பு. அதன் மேலே, வெளிர்ச் சாம்பலான சுவரில், மூலையிலிருந்து சாய்வாகக் கீறல். கரைக்குப் பின்னால் தாடகை மலை தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

சிக்கல் பதிவேட்டில் வந்தது. தட்டுகளின் பதிவேட்டில் இரண்டே கட்டங்கள்: ‘இன்ன வேலைக்குப் பயன்பட்டது’, ‘உடைந்தது’. அந்த வேலைக்கு ஏற்கெனவே ஒரு தட்டு பயன்பட்டுவிட்டது. இன்னொன்று எடுத்ததாக எழுதினால், யார் உத்தரவில் என்ற கேள்வி அன்று மாலைக்குள் வந்துவிடும், தட்டும் பறிபோகும். விதிகளை நேசிப்பவன் விதியை மீறும்போதுகூடக் கட்டத்துக்குள்தான் மீறுவான். நான் ‘உடைந்தது’ என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் இட்டேன்.

திருவனந்தபுரத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், கேட்பது மட்டுமே தம் வேலை என்பதுபோல உட்கார்ந்திருந்தார். ஓவர்சியர் தரப்பில் சான்று உண்டா என்று கேட்டபோது, ஓவர்சியர் என் பக்கம் கையைக் காட்டினார். நான் இரண்டாம் அச்சை மேசையில் வைத்தேன்.

இஞ்சினியர் படத்தைப் பார்க்கவில்லை. நேராக அலமாரிக்குப் போய்த் தட்டுப் பதிவேட்டை எடுத்து வந்தார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது.

“இந்தப் படம் எடுத்த தட்டு எவிடே? இந்தா. ‘உடைந்தது’. இவரோட கையொப்பு. உடைஞ்ச தட்டில படம் எடுக்கிற வித்தை இவரு எங்க படிச்சாரு?”

அதிகாரி என்னைப் பார்த்தார். “தட்டு உடைந்ததா?”

“இல்லை. பதிவு பொய். தட்டு இதோ.” துணியில் சுற்றி வைத்திருந்த நெகட்டிவை எடுத்து வைத்தேன்.

“அப்போ பொய்யான பதிவுதானே?” என்றார் அதிகாரி.

“ஆம், ஐயா. அதற்குத் தனி நடவடிக்கை உண்டு. இருபத்திரண்டாம் விதி.”

இஞ்சினியர் சிரித்தார். “பொய் எழுதின ஆள் எடுத்த படம். அதிலயும் கண்ணு கறுத்துக் கிடக்கு. படிவப்படி இது படமே இல்ல. முதல் படம் இவரே ஒப்பு வச்சது. அதில் கீறல் உண்டா? இல்லியே!”

நான் முதல் படத்தை எடுத்து அதிகாரி முன் வைத்தேன். “கரைக்குப் பின்னால் என்ன தெரிகிறது ஐயா?”

“ஒன்றும் இல்லை. வெள்ளை.”

“அங்கே தாடகை மலை இருக்கிறது. நீங்கள் வந்த வழியில்கூடத் தெரிந்திருக்கும். இந்தப் படத்தில் இல்லாததால் அன்று கீறல் இல்லை என்றால், அன்று மலையும் இல்லை.”

ஓவர்சியர் வாய்விட்டுச் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

“மலை ஏன் போயிற்று?”

“முப்பது எண்ணினேன். இருட்டுக்குத் தேவையான நேரம் அது. வெளிச்சத்தில் இருந்ததெல்லாம் அளவு மீறி வழிந்து, ஒரே வெள்ளையாகிவிட்டது. வானம், மலை, சுவர், கீறல். இரண்டாவதில் வெளிச்சத்துக்கு மட்டும் அளந்தேன். அதனால் இருட்டு போயிற்று. இரண்டில் எது போனால் பரவாயில்லை என்பதுதான் கேள்வி.”

அதிகாரி படத்தில் கீறல் ஓடிய இடத்தை அளவுகோலால் அளந்து, குறித்துக்கொண்டார். மறுநாள் அவர் முன்னிலையில் அதே இடத்தில், திங்களன்று பூசிய இரண்டாம் பூச்சைச் சுரண்டினார்கள். கீறல் அங்கே இருந்தது. விரல் நகம் உள்ளே போனது. ஒப்பந்தக்காரர் மடையைப் பிரித்துக் கட்டவேண்டி வந்தது. இஞ்சினியர் ஆறு மாதத்தில் பதவி உயர்வு பெற்று வடக்கே போனார். எனக்கு இருபத்திரண்டாம் விதிப்படி கண்டனக் குறிப்பு வந்தது. அதில் ஒரு சொல்கூடத் தவறாக இல்லை.

ஓவர்சியரை மறுபடி வேலையில் சேர்க்கும் உத்தரவும், செங்கோட்டைப் பக்கம் மாற்றும் உத்தரவும் ஒரே உறையில் வந்தன. வாங்கிக்கொள்ள அவர் என் மேசைக்கு வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று பக்கத்து மேசைக்காரர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஒண்ணு கேக்கணும்,” என்றார் ஓவர்சியர். அந்த ஒருமுறைதான் அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டது. “முப்பது எண்ணுனா கோடு போயிரும்னு அன்னைக்கே ஒமக்குத் தெரியுமாவே?”

“தெரியும்.”

“எண்ணதுக்கு முந்தியேவா?”

“முந்தியே.”

“அந்த இஞ்சினியருக்கு?”

“தெரிந்திருக்காது. அவர் கையேட்டை வாசித்ததில்லை.”

“அப்பொ அவன் தெரியாம செஞ்சான். நீரு தெரிஞ்சு செஞ்சீரு.” அவர் உறையைப் பிரிக்காமலேயே கையில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். “ரெண்டு பேருல ஆருவே பெரிய கள்ளன்?”

உத்தரவு அப்படி இருந்தது என்று சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்தவன் யார் என்று கேட்கலாம். இரண்டும் வாய்வரை வந்தன. நான் பட்டுவாடாப் பதிவேட்டைத் திருப்பி, அவர் பெயருக்கு நேரே விரலை வைத்து, “பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து,” என்றேன்.

அவர் என் பேனாவையே எடுத்து, நிப்பு காகிதத்தைக் கிழிக்கும்படி அழுத்திக் கையெழுத்திட்டு, பேனாவைத் தரையில் போட்டுவிட்டுப் போனார்.